ஆய்லர் முறை: படியைப் பாதியாக்கினால் பிழையும் பாதியாகிறதா?

வகைக்கெழுச் சமன்பாட்டைச் சிறு சிறு நேரப் படிகளாகத் தோராயமாகத் தீர்க்கும் முன்னோக்கு ஆய்லர் முறையைப் பைத்தானில் எழுதிப் பார்க்க, ஆறும் காபியை எடுத்துக்கொண்டேன். நியூட்டனின் குளிர்வு விதிக்குத் துல்லியத் தீர்வு கையிலேயே இருக்கிறது, அதனால் சரிபார்ப்பது சுலபம். காபி 90 டிகிரி, அறை 30 டிகிரி, குளிரும் வேகத்துக்கான மாறிலி நிமிடத்துக்கு 0.1 என்று வைத்தால், 10 நிமிடத்தில் காபி 52.073 டிகிரிக்கு வர வேண்டும்.

```python
def euler(f, T, h, N):
    for n in range(N):
        T = T + h * f(T)
    return T

f = lambda T: -0.1 * (T - 30)
print(euler(f, 90, 1.0, 10))
```

ஒரு நிமிடப் படியில் 50.921 வந்தது, அதாவது 1.152 குறைவு. குறைவாகத்தான் வரும்; காபி ஆற ஆற குளிரும் வேகமும் குறைகிறது, ஆனால் ஆய்லர் படியின் தொடக்கத்தில் இருந்த வேகத்தையே படி முடியும்வரை பிடித்துக்கொண்டு போகிறது.

வரைபடத்தில் இரண்டு கோடும் கிட்டத்தட்ட ஒட்டித் தெரிந்தால் நிரல் சரி என்று விட்டுவிடத் தோன்றும். அது போதாது. ஆய்லர் முதல் வரிசை முறை என்பதால், படியைப் பாதியாக்கினால் இறுதிப் பிழையும் ஏறக்குறைய பாதியாக வேண்டும். 0.5 நிமிடப் படியில் பிழை 0.564, 0.25 படியில் 0.279. சரி, பாதி பாதியாகத்தான் போகிறது.

இந்தச் சோதனை எதைப் பிடிக்கும் என்று பார்க்க, `range`-ஐ எடுத்துவிட்டு, நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகும் `while t < 10` போட்டு ஓட்டினேன். 1, 0.5, 0.25 மூன்றுக்கும் அதே விடைதான். ஆனால் 0.1 படிக்குப் பிழை 0.330 என்று வந்தது, 0.25 படியின் பிழையைவிட அதிகம்! காரணம் ஆய்லர் இல்லை. 0.1 என்ற எண்ணை இரும முறையில் துல்லியமாக எழுத முடியாது, அதை 100 முறை கூட்டினால் 10-க்கு ஒரு துளி குறைவாக நிற்கும், உடனே `while` இன்னொரு படியும் ஓடிவிடும். அப்போது 10.1 நிமிட விடையை 10 நிமிடத் துல்லிய மதிப்போடு ஒப்பிடுகிறோம். `range(100)` போட்டால் பிழை 0.111, எதிர்பார்த்தபடியே. வெறும் வரைபடத்தில் இந்த 0.2 டிகிரி கண்ணில் பட்டிருக்காது.

அப்புறம் எதிர்ப்பக்கமும் போய்ப் பார்த்தேன், பெரிய படிகள். ஒவ்வொரு படியிலும் அறையோடு உள்ள வித்தியாசம் `1 - 0.1*h` மடங்காகிறது. 15 நிமிடப் படியில் காபி 90-லிருந்து 0, பிறகு 45, பிறகு 22.5 என்று ஊசலாடினாலும் கடைசியில் 30-க்கு வந்து சேர்கிறது. 20 நிமிடப் படியில் 90, -30, 90 என்று முடிவே இல்லாமல் மாறி மாறி நிற்கிறது. 25-க்குப் போனால் -60, அடுத்த படியில் 165. அறையில் வைத்த காபி தானாகக் கொதிநிலையைத் தாண்டுகிறது!