அல்ஃபா-பீட்டா வெட்டிய கிளையும் தங்கை கண்டுபிடித்த பிழையும்

வட்டம்-புள்ளடி விளையாட்டுக்குப் பைதானில் கணினி எதிராளி ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். இருவரும் தங்களுக்குச் சிறந்த நகர்வையே எடுப்பார்கள் என்று கொண்டு எல்லா நகர்வுகளையும் தேடிப் பார்க்கும் மினிமேக்ஸ் முறை போன வாரமே வேலை செய்துவிட்டது. கணினி வென்றால் 1, தோற்றால் -1, சமநிலைக்கு 0. வெற்றுப் பலகையிலிருந்து முழுவதையும் தேடினால், திரும்பத் திரும்ப வருபவற்றையும் சேர்த்து 5,49,946 நிலைகளைத் தொட வேண்டும். கல்லடி வீட்டிலுள்ள பழைய மடிகணினிக்கு அது பாரம்தான். அதனால், முடிவை மாற்றாது என்று தெரிந்த கிளைகளைத் தேடாமலே விட்டுவிடும் அல்ஃபா-பீட்டா வெட்டைச் சேர்த்தேன். பதில் உடனே வந்தது. வெட்டுள்ள தேடலும் வெட்டில்லாத தேடலும் எல்லா நிலைகளுக்கும் ஒரே மதிப்பைத் தந்ததால் நிம்மதியாக இருந்தேன்.

"அண்ணா, இது ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரித்தான் விளையாடுகிறது" என்றாள் தங்கை. நியாயமான குறை. சம மதிப்புள்ள நகர்வுகளைப் பட்டியலில் சேர்த்து, அவற்றுள் ஒன்றைக் குலுக்கி எடுக்கும்படி மாற்றினேன். அன்று மாலையே அவள் கணினியைத் தோற்கடித்தாள்.

கட்டங்களுக்கு மேல்வரிசையிலிருந்து 1 முதல் 9 வரை இலக்கமிட்டு அந்த ஆட்டத்தைத் தாளில் எழுதிப் பார்த்தேன். அவள் 1இல் புள்ளடி இட்டாள், கணினி 3இல் வட்டம் இட்டது. அவள் 7, கணினி தடுக்க 4, அவள் 9. இப்போது 5இலும் 8இலும் அவளுக்கு வெற்றி காத்திருக்கிறது, ஒன்றைத்தான் தடுக்கலாம். மூலையில் தொடங்கியவருக்கு நடுக்கட்டம் 5 மட்டுமே சரியான பதில். அப்படியிருக்க 3 எப்படிச் சமமானது?

தேடலின் படிகளை அச்சிட்டுப் பார்த்தபோது விளங்கியது. முதலில் 5ஐப் பார்த்து 0 என்கிறது. கணினிக்கு இதுவரை கிடைத்த சிறந்த மதிப்பான அல்ஃபா 0 ஆகிறது. அடுத்து 3. அதற்கு எதிராளியின் முதல் பதிலாக நடுக்கட்டத்தைப் பார்க்கிறது. அது சமநிலை, 0. "இது 5ஐ விட மேலாக வராது" என்று அங்கேயே வெட்டிவிடுகிறது. தோல்வி தரும் 7ஐப் பார்க்கவே இல்லை. ஆக, 3க்குக் கிடைத்த 0 அதன் மதிப்பு அல்ல, அதிகபட்ச வரம்பு மட்டுமே. உண்மையான மதிப்பு -1. வரம்பை மதிப்பென்று நம்பி இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டிருக்கிறேன். சிறந்த மதிப்பு எப்படியும் 0தான் என்பதால் என் பழைய சோதனையில் இது அகப்படவில்லை.

`>` போட்டு முதல் நகர்வையே எடுத்தால் பிழை போய்விடும், ஆனால் ஆட்டம் பழையபடி ஒரே மாதிரியாகிவிடும். அதனால் மேல்மட்டத்தில் மட்டும் அல்ஃபாவை ஒன்று குறைத்துக் கொடுத்தேன்:

```python
v = min_value(b, best - 1, INF)
if v > best:
    best, moves = v, [m]
elif v == best:
    moves.append(m)
```

இனி 0 வந்தவுடன் வெட்டாது. -1 கண்டால்தான் வெட்டும். மதிப்புகள் முழு எண்களாக இருப்பதால் ஒன்று குறைத்தால் போதும். சில கிளைகள் கூடுதலாகத் தேடப்படுகின்றன, வேகத்தில் வித்தியாசம் தெரியவில்லை.

சோதனையையும் மாற்றினேன். ஆட்டம் முடியாத வெவ்வேறு 4,520 நிலைகளிலும், வெட்டுள்ள தேடல் தரும் பட்டியல் முழுவதும் வெட்டில்லாத தேடலின் பட்டியலோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறேன். பழைய நிரல் இதில் விழுந்தது, புதியது தேறியது. நேற்றிரவு தங்கை மறுபடி 1இல் தொடங்கினாள். கணினி 5இல் வட்டம் இட்டது.