அடுப்பில் 20 நிமிடம், திரையில் 2 நிமிடம்

அரை மணி நேர நிகழ்ச்சியில் விளம்பரம் போக எங்களுக்குக் கிடைப்பது 22 நிமிடம். அதற்குள் ஒரு வத்தக்குழம்பைச் செய்து காட்ட வேண்டும். நான் முதன்முதலில் எழுதிய ஸ்கிரிப்டில் ‘புளிக்கரைசல் கொதிக்கிறது’ என்று ஒரே வரிதான் இருந்தது. படப்பிடிப்பில் அந்த ஒரு வரிக்கு 20 நிமிடம் ஆனது. சமைக்க வந்த அம்மா சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டுச் சும்மா கிளறிக்கொண்டு நின்றார். அவரை அப்படி நிற்க வைத்தது என் தவறு.

இப்போது ஸ்கிரிப்டில் படம், பேச்சு என்ற இரண்டு பத்திகளோடு, அடுப்பில் ஆகும் நேரத்தையும் திரையில் வரும் நேரத்தையும் தனித்தனியாக எழுதுகிறேன். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியும் இடத்தில் மாற்றுச் சட்டி வேண்டும். வத்தக்குழம்புக்கு ஒரே மாதிரி மூன்று சட்டிகள்: தாளிப்பில் தொடங்க ஒன்று, பாதி வற்றியது ஒன்று, எண்ணெய் பிரிந்தது ஒன்று. முதல் பகுதி 7 நிமிடம். புளிக்கரைசலை ஊற்றியதும் இடைவேளை. திரும்பி வரும்போது அடுப்பில் இரண்டாவது சட்டி இருக்கும். நடுப்பகுதி 8 நிமிடம், கடைசி 7.

ஒன்றாம் கேமரா சமைப்பவரையும் மேடையையும் பார்க்கும். இரண்டாம் கேமரா சட்டிக்குள் பார்க்கும். வலது கையால் கிளறுபவர் என்றால் அதை அவருடைய இடப்பக்கம் வைப்போம், இல்லையென்றால் கையே சட்டியை மறைத்துவிடும். கொஞ்சம் தள்ளி வைத்து ஜூம் செய்தால் லென்ஸில் ஆவி படியாது. இரண்டுக்கும் ஒரே வெள்ளைத்தாளைக் காட்டி ஒயிட் பேலன்ஸ் வைக்க வேண்டும். அதை விட்டால் குழம்பு ஒரு கேமராவில் சிவப்பாகவும் இன்னொன்றில் பழுப்பாகவும் தெரியும்.

தாளிப்புக்கு ரீடேக் கிடையாது. கடுகு பொரிந்து, வெந்தயம் சிவந்து, சுண்டைவத்தல் கருகுவதற்குள் அடுத்த வேலைக்குப் போய்விட வேண்டும். அதனால் கடுகைப் போடும் முன்பே எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்திவிடுவோம். இரண்டு கேமராவும் ஓடிக்கொண்டிருக்கும். கடுகு வெடிக்கும்போது யாரும் பேசக் கூடாது என்று ஸ்கிரிப்டிலேயே எழுதிவிடுகிறேன். வீட்டில் பார்ப்பவருக்கு எண்ணெய் சரியாகக் காய்ந்திருக்கிறது என்று சொல்வது அந்தச் சத்தம்தான்.

ஒருமுறை மூன்றாவது சட்டியை அப்படியே கொண்டுவந்து வைத்துவிட்டோம். அந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “ஆறிப்போன குழம்பு கண்ணு இது, பாத்தாலே தெரியும்” என்றார். மேலே ஏடு கட்டியிருந்தது. ஓரத்தில் ஒரு குமிழிகூட இல்லை. அப்புறம் சிறு தீயில் வைத்துக் காத்திருந்தோம். ஓரம் கொதித்து, நல்லெண்ணெய் மேலே மினுங்க ஆரம்பித்ததும் இரண்டாம் கேமராவில் பத்து விநாடி எடுத்தோம். அன்றிலிருந்து ‘மூன்றாம் சட்டி அடுப்பில்’ என்ற குறிப்பு, அது திரைக்கு வருவதற்கு 5 நிமிடம் முன்னால் என் தாளில் இருக்கும்.