திரும்பப் பெற்ற கட்டுரை ரெஃபரன்ஸ் பட்டியலில் இருந்தால்: பிரெடிமெட் ஆய்வை வைத்து ஒரு அனுபவம்

என் எம்.எஸ்சி. ஆய்வேடு உணவுப் பழக்கமும் இதய நோயும் பற்றியது. அந்தத் துறையில் எழுதும் யாரும் பிரெடிமெட்டைத் தொடாமல் போக முடியாது. ஸ்பெயினில் 7,447 பேரிடம் நடந்த ஆய்வு அது. ஆலிவ் எண்ணெயோ பாதாம், வால்நட் வகைகளோ சேர்த்த மத்தியதரைக்கடல் உணவால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சுமார் 30 சதவீதம் குறைந்தன என்று 2013இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியானது. ஆளாளுக்கு அதன் பிடிஎஃப் வைத்திருக்கிறார்கள். ஆனால் 2018 ஜூனில் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அதற்கு முன்பு இறக்கி வைத்த பிடிஎஃபில் இதற்கான தடயமே இருக்காது.

ஜோட்டெரோ மென்பொருளில் ரெஃபரன்ஸ்களைச் சேர்த்தபோதுதான் இதைப் பார்த்தேன். அந்தப் பதிவின் மேலே சிவப்பில் எச்சரிக்கை வந்தது. ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற, திரும்பப் பெற்ற கட்டுரைகளின் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு ஜோட்டெரோ அதைக் காட்டுகிறது. ஆனால் ஒப்பிடுவதற்கு அதற்கு டிஓஐ எண்ணோ பப்மெட் எண்ணோ வேண்டும். பழைய ஆய்வேடுகளைப் பார்த்துக் கையால் தட்டச்சு செய்த பதிவுகளில் இரண்டும் இருக்காது. அவற்றில் எச்சரிக்கை வரவில்லை என்பதை நல்ல சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பதிவுகளுக்கெல்லாம் முதலில் டிஓஐ தேடிச் சேர்த்தேன். பிறகு பப்மெட்டில் என் தலைப்பை வைத்து இப்படித் தேடினேன்:

```
mediterranean diet AND "retracted publication"[pt]
```

வரும் பட்டியலை நம் பட்டியலோடு ஒத்துப் பார்த்தால் போதும். பிரெடிமெட் பக்கத்தில் "Retraction in" என்ற வரியோடு, திருத்தி மறுபடி வெளியிட்ட கட்டுரைக்கும் இணைப்பு இருந்தது.

இங்கேதான் நிதானம் வேண்டும். திரும்பப் பெற்றது என்றதும் மோசடி என்று நினைத்து நீக்கிவிடத் தோன்றும். காரணத்தை அறிய ரிட்ராக்‌ஷன் அறிவிப்பையே படிக்க வேண்டும். ஜான் கார்லைல் என்ற ஆங்கிலேய மயக்க மருத்துவர் ஆயிரக்கணக்கான மருத்துவ ஆய்வுகளில், தொடக்கத்தில் குழுக்கள் எப்படி இருந்தன என்று காட்டும் அட்டவணைகளைப் புள்ளியியல் முறையில் சோதித்து 2017இல் வெளியிட்டார்; சந்தேகத்துக்கு உள்ளானவற்றில் பிரெடிமெட்டும் ஒன்று. ஆய்வாளர்கள் தங்கள் கோப்புகளைத் திரும்பிப் பார்த்தார்கள். குலுக்கல் முறையில் ஆட்களைக் குழுக்களாகப் பிரிக்க வேண்டிய ஆய்வில், ஒரே வீட்டிலிருந்து இரண்டாவதாகச் சேர்ந்தவர்களைக் குலுக்கலில் விடாமல், முதலில் சேர்ந்தவரின் குழுவிலேயே போட்டிருந்தார்கள். ஒரு மையத்தில் ஆள் ஆளாகப் பிரிக்காமல், கிளினிக் கிளினிக்காக ஒரே உணவைக் கொடுத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்கு இலவச ஆலிவ் எண்ணெய், எங்களுக்கு இல்லையா என்று ஊர்க்காரர்கள் கேட்டதுதான் அதற்குக் காரணமாம். (நம் ஊரிலும் கேட்டிருப்பார்கள்.)

சந்தேகத்துக்குரிய 1,588 பேரை விட்டுவிட்டும் கணக்குப் போட்டுப் பார்த்து, புதிய கட்டுரையை அதே நாளில் வெளியிட்டார்கள். எண்கள் பெரிதாக மாறவில்லை. எண்ணெய்க் குழுவின் அபாய விகிதம் 0.70இலிருந்து 0.69 ஆனது, அவ்வளவுதான். மாறியது வாசகம். உணவு நோயைக் குறைத்தது என்ற உறுதி போய், அந்த உணவுக் குழுவில் நோய் குறைவாக இருந்தது என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. என் அறிமுக அத்தியாயத்திலும் அந்த வினைச்சொல்லை மாற்ற வேண்டியிருந்தது.

எண்ணுக்கு ஆதாரம் வேண்டிய இடங்களில் எல்லாம் 2018 பதிப்பை மட்டும் கொடுத்தேன். அதன் தலைப்பு கொஞ்சம் நீளம், டிஓஐயும் வேறு. பழைய பதிவில் ஆண்டை மட்டும் திருத்தினால் தப்பாகிவிடும். ஆய்வின் வரலாற்றைச் சொல்லும் ஒரு பத்தியில் மட்டும் 2013 கட்டுரை தேவைப்பட்டது. அங்கே "பின்னர் திரும்பப் பெறப்பட்டது" என்று வாக்கியத்திலேயே எழுதினேன். பட்டியலில் வான்கூவர் முறைப்படி இப்படி:

```
Estruch R, Ros E, Salas-Salvadó J, et al. Primary prevention of
cardiovascular disease with a Mediterranean diet. N Engl J Med.
2013;368(14):1279-90. Retraction in: N Engl J Med. 2018;378(25):2441-2.
```

ஏபிஏ முறை என்றால் பதிவின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் "Retraction published" என்று தொடங்கி ஆண்டு, இதழ், தொகுதி, பக்கம் வரும்.

இதைவிட அதிக வேலை வாங்கியவை, பல ஆய்வுகளின் எண்களைச் சேர்த்துக் கணக்கிடும் மெட்டா அனாலிசிஸ் கட்டுரைகள். அவை திரும்பப் பெறப்படவில்லை. எந்தக் கருவியும் எச்சரிக்காது. ஆனால் 2018 நடுப்பகுதிக்கு முன் வந்தவற்றில் பழைய பிரெடிமெட் எண்கள்தான் உள்ளே இருக்கின்றன. ஒவ்வொன்றிலும், சேர்த்த ஆய்வுகளை வரிவரியாகக் காட்டும் ஃபாரஸ்ட் ப்ளாட் படத்தைத் திறந்து, எஸ்ட்ருக் 2013 என்ற வரிக்கு எவ்வளவு எடை கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். முடிவையே அந்த ஒரு ஆய்வுதான் தாங்குகிறது என்று தெரிந்தவற்றை விட்டுவிட்டு, 2019இல் வந்த காக்ரேன் மதிப்பாய்வை எடுத்துக்கொண்டேன். பிரெடிமெட் திரும்பப் பெறப்பட்டு மறுபடி கணக்கிடப்பட்டதை அது சுருக்கத்திலேயே சொல்கிறது.

பட்டியலைப் பார்த்த கைடு மேடம் கேட்ட ஒரே கேள்வி, "e34 என்று போட்டிருக்கியே, பக்க எண் எங்கேம்மா?" 2018 பதிப்புக்கு அதுதான் எண், இணையத்தில் மட்டும் வந்த கட்டுரை என்பதால் அச்சுப் பக்கம் கிடையாது.