ரின்னே நெகட்டிவ் என்றதும் காதுக் குடும்பி என்று எழுதிவிடாதீர்கள்

இறுதியாண்டு மருத்துவப் பரீட்சைக்குக் காது, மூக்கு, தொண்டைப் பகுதியைப் படிப்பவர்கள் ரின்னே, வெபர் என்ற இரண்டு இசைக்கவைச் சோதனைகளை ஒரு சின்ன அட்டவணையாக மனனம் செய்துகொண்டு போவது வழக்கம். நானும் அப்படித்தான் படித்தேன். பின்பு வன்னியில் வேலை செய்யும்போது பார்த்த ஒரு நோயாளிதான் அந்த அட்டவணையில் எந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும் என்று காட்டினார். பரீட்சை எடுக்கப் போகிறவர்களுக்கும் உள்ளகப் பயிற்சியில் இருப்பவர்களுக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. செவித் துவாரம், செவிப்பறை, நடுச்செவியின் சிற்றெலும்புகள் என்ற வழியில் எங்காவது தடை இருந்தால் அது கடத்தல்வகைக் கேளாமை. குடும்பி அடைத்தாலும், செவிப்பறை கிழிந்தாலும், நடுச்செவியில் நீர் நின்றாலும் வருவது இதுதான். தடை எதுவும் இல்லாமல் உட்செவியோ அதிலிருந்து போகும் நரம்போ பழுதானால் அது உணர்நரம்புவகை. மண்டை எலும்பில் வைத்த அதிர்வு நடுச்செவியைத் தாண்டி நேரே உட்செவிக்குப் போய்விடும். இரண்டு சோதனைகளுக்கும் அதுதான் ஆதாரம்.

கையில் எடுக்க வேண்டியது 512 ஹேர்ட்ஸ் இசைக்கவை. 128 ஹேர்ட்ஸை வைத்தால் நோயாளி கேட்பதை விட அதிர்வதைத்தான் உணர்வார். மிக உயர்ந்தவை சட்டென்று அடங்கிவிடும். மேசையில் தட்டாதீர்கள், தேவையில்லாத மேற்சுரங்கள் எழும். உங்கள் முழங்கையிலோ முழங்காலிலோ தட்டினால் போதும்.

ரின்னே சோதனைக்கு, கவையின் அடியைக் காதுக்குப் பின்னாலுள்ள மேட்டெலும்பில் தலைமுடி இடையில் வராமல் அழுத்தி வையுங்கள். மற்றக் கையால் தலையின் எதிர்ப்பக்கத்தைத் தாங்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அழுத்தம் போதாது. அப்புறம் கவையைக் காதுக்கு முன்னால் சுமார் 2.5 சென்டிமீற்றர் தூரத்தில் பிடியுங்கள். கிளைகள் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகத் துவாரத்தை நோக்கி வரிசையில் இருக்க வேண்டும். தட்டிய கவையை உங்கள் காதருகே மெல்லச் சுழற்றிப் பாருங்கள்: சில கோணங்களில் சத்தம் மறைந்தே போகும். கவையைச் சரிந்து பிடித்தால் நல்ல காதுகூட நெகட்டிவ் காட்டுவது இதனால்தான். காற்றுவழி கூடக் கேட்டால் பொசிட்டிவ், எலும்புவழி கூடக் கேட்டால் நெகட்டிவ்.

வெபருக்குக் கவையை நெற்றி நடுவில் வைத்து எந்தப் பக்கம் கேட்கிறது என்று கேட்க வேண்டும். கடத்தல்வகையில் சத்தம் பழுதான காதுக்குப் போகும், உணர்நரம்புவகையில் நல்ல காதுக்குப் போகும். பழுதான காதுக்குப் போவது நம்பக் கஷ்டமாக இருந்தால், ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு முணுமுணுத்துப் பாருங்கள், அடைத்த பக்கம்தான் பெரிதாகக் கேட்கும். நோயாளிக்கும் இதே குழப்பம் உண்டு. “கேட்காத காதில எப்படிக் கேக்கும்” என்று யோசித்து நல்ல காதைக் காட்டிவிடுவார். “யோசிக்காதேங்கோ, எங்க கேக்குதோ அங்க கை வையுங்கோ, நடுவில கேட்டா நடுவில” என்று முன்கூட்டியே சொல்லுங்கள். “வலப்பக்கமா கேக்குது?” என்று ஒரு பக்கத்தைச் சொல்லிக் கேட்கக் கூடாது.

சரி, அந்த நோயாளி. ஒட்டுசுட்டான் பக்கம் வயல் செய்யும் அம்மா, வயது ஐம்பதைத் தாண்டியவர், நீரிழிவுக்குக் குளிசை எடுப்பவர். “காலமை எழும்பினா வலது காது அடைச்சுக் கிடக்குது டொக்டர். அஞ்சு நாளாச்சு. இரையவும் செய்யுது.” பார்மசியில் குடும்பி இளக்கும் துளிமருந்து வாங்கி விட்டுக்கொண்டிருந்தார். காதுக்குள் பார்த்தால் குடும்பி இல்லை. செவிப்பறை பளபளப்பாக, ஓட்டை இல்லாமல் இருந்தது.

இடது காதில் ரின்னே பொசிட்டிவ். வலது காதில் எலும்பில் வைத்தபோது கேட்கிறது என்றார், காதுக்கு முன்னால் பிடித்தால் ஒன்றுமில்லை என்றார். அதாவது நெகட்டிவ். அட்டவணையின்படி இது வலது கடத்தல்வகை. ஆனால் வெபரில் அவர் கை வைத்தது இடது காதில். வலது காதில் கடத்தல் தடை இருந்தால் சத்தம் வலப்பக்கம் போயிருக்க வேண்டும். இரண்டு சோதனையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

காரணம் இது. மேட்டெலும்பில் வைத்த அதிர்வு மண்டை ஓட்டின் வழியே ஏறக்குறைய குறையாமல் மறுபக்க உட்செவிக்கும் போய்விடும். காற்றுவழிச் சத்தமோ தலையைக் கடந்து போகும்போது பெருமளவு குறைந்துவிடும், 40 டெசிபலோ அதற்கு மேலுமோ. வலது காது முற்றாகச் செத்திருந்தாலும், வலது எலும்பில் வைத்த கவையை இடது காது கேட்டுக்கொள்ளும். வலது காதுக்கு முன்னால் பிடித்ததை இடது காதால் கேட்க முடியாது. எனவே எலும்புவழி கூடக் கேட்பதுபோல் தோன்றும். இதைத்தான் பொய் நெகட்டிவ் ரின்னே என்கிறோம்.

உறுதிப்படுத்த நல்ல காதை இரைச்சலால் மறைக்க வேண்டும். அதற்கென்றே பாரனி இரைச்சற் பெட்டி உண்டு, ஆனால் எல்லா வாட்டிலும் கிடைக்காது. இடது காதுத் துவாரத்துக்கு முன்னாலுள்ள சிறு குருத்தை விரலால் அழுத்தி வட்டமாகத் தேய்த்துக்கொண்டே வலது எலும்பில் கவையை வைத்தோம். “இப்ப கேக்குதா அம்மா?” “இல்லை, அதிருது மட்டும்தான்.” அதிர்வதையும் கேட்பதையும் அவர் தானாகவே பிரித்துச் சொன்னது பெரிய உதவி. வலது காதில் எலும்புவழியும் இல்லை, காற்றுவழியும் இல்லை. திடீர் உணர்நரம்புக் கேளாமை.

இந்த வித்தியாசம் தெரியாமல் துளிமருந்தோடு இரண்டு கிழமை போயிருந்தால், ஸ்டெரொய்ட் பயன்படக்கூடிய காலம் பெரும்பாலும் கடந்திருக்கும். அன்றே விசேட நிபுணரோடு பேசி அனுப்பினோம். கேள்திறன் வரைபடம் எடுத்து, பிரெட்னிசலோன் கிலோவுக்கு 1 மில்லிகிராம் கணக்கில் தொடங்கினார்கள். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு உச்சம் 60 மில்லிகிராம். நீரிழிவு இருப்பதால் குருதிச் சர்க்கரையை நெருக்கமாகப் பார்க்கவேண்டி வந்தது. கேள்திறன் ஓரளவு திரும்பியது, முழுதாக இல்லை.

எங்கள் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. செல் விழுந்த காலத்தில் காது அடிபட்டவர்களில் செவிப்பறைக் கிழிவும் உட்செவிப் பழுதும் ஒரே காதில் சேர்ந்திருக்கலாம். அவர்களில் ரின்னே உண்மையாகவே நெகட்டிவாக வந்தாலும், உட்செவி எவ்வளவு பழுது என்பதைக் கவை சொல்லாது. வெபர் எந்தப் பக்கமும் போகலாம். இவர்களை வரைபடத்துக்கு அனுப்பத்தான் வேண்டும்.

சிறிய தடையையும் ரின்னே தவறவிடும். காற்றுவழிக்கும் எலும்புவழிக்கும் இடைவெளி சுமார் 20 டெசிபலைத் தாண்டினால்தான் அது நெகட்டிவாக மாறும். வெபர் 5 முதல் 10 டெசிபலிலேயே சாயத் தொடங்கிவிடும். எனவே ரின்னே பொசிட்டிவ், வெபர் அடைத்த காதுப் பக்கம் என்று வந்தால் அது முரண்பாடு இல்லை, இலேசான கடத்தல் தடை என்றே எடுக்கலாம்.

பரீட்சையில் ரின்னேயை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். “வலது ரின்னே நெகட்டிவ், வெபர் இடப்பக்கம், ஆகவே இடது காதை மறைத்து மீண்டும் பார்ப்பேன்” என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். அடுத்த கேள்வி அனேகமாக ஏன் எம்ஆர்ஐ என்பதாக இருக்கும்: ஒரு பக்கம் மட்டும் வரும் உணர்நரம்புக் கேளாமையின் பின்னால் செவி நரம்புக் கட்டி ஒன்று இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும், கேள்திறன் திரும்பி வந்தாலும்கூட.