வரியை அப்படியே எழுதினால் எத்தனை மதிப்பெண்?

நேற்று இரவு உரைப்பத்தி விடைத்தாள்கள் திருத்தினேன். பத்தியில் இப்படி இரண்டு வரி: "வாசலில் சத்தம் கேட்கும்போதெல்லாம் மீனா எழுந்து போய்ப் பார்த்தாள். மேசையில் இரண்டு தட்டுகள் இருந்தன, அவள் இன்னும் சாப்பிடவில்லை." கேள்வி: மீனாவின் மனநிலை என்ன? எப்படித் தெரிகிறது?

மூன்று மதிப்பெண். ஊகத்துக்கு ஒன்று, சான்றுக்கு ஒன்று, இரண்டையும் இணைத்துச் சொல்வதற்கு ஒன்று.

ஒரு மாணவன் அந்த இரண்டு வரிகளை மட்டும் எழுதியிருந்தான். ஒன்று கொடுத்தேன். பத்தியில் பத்து வரி இருக்க, சரியான இரண்டைத் தேடி எடுத்திருக்கிறானே, அது சான்று. முழுப் பத்தியையும் எழுதியவளுக்குச் சுழியம்தான். அவள் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. என்னை ஏமாற்றப் பார்த்தது மூன்றாவது தாள்: "மீனா அடிக்கடி வாசலுக்குச் சென்று நோக்கினாள், உணவு உண்ணவில்லை." சொந்த நடை மாதிரி இருக்கும். ஆனால் பத்தி சொல்லாத ஒன்றை இது சொல்லவில்லை. 'காத்திருக்கிறாள்', 'தவிக்கிறாள்' என்று ஒரு சொல்லாவது வேண்டும். இதற்கும் ஒன்றுதான்.

இன்று அந்த முதல் மாணவனைக் கூப்பிட்டுக் கேட்டேன், "மீனா என்னப்பா செய்றா?"

"யாரோ வரணும்னு காத்துட்டிருக்கா டீச்சர்."

"இதை ஏன் எழுதல?"

"அது பத்தியில இல்லையே டீச்சர்."

வினாத்தாளை எடுத்துப் பார்த்தேன். தலைப்பில் நானே எழுதியிருக்கிறேன்: 'பத்தியிலிருந்து விடை எழுதுக.' மனசு கேட்கவில்லை. அடுத்த தாளில் இந்தக் கேள்விக்கு மேல் 'நீ என்ன நினைக்கிறாய்? எந்த வரி அப்படி நினைக்க வைத்தது?' என்று தனியாகப் போடுகிறேன்.