நாலு டிக் போட்ட மெயிலும் பெப்சி பாசியும்

14 கம்பெனிகளுக்கு மெயில் போட்டதில் வந்த ஒரே பதில் இதுதான்: "நாங்கள் அகர் தயாரிப்பவர்கள், நீங்கள் சொல்லும் கடற்பாசி எங்களுக்கு ஆகாது." இத்தனைக்கும் அனுப்புவதற்கு முன் செக்லிஸ்ட் வைத்துப் பார்த்தேன். தெளிவு, பொருத்தம், தொனி, கோரிக்கை என்று நாலு தலைப்பு, நாலுக்கும் டிக். மொத்தம் இரண்டு நிமிடம் கூட ஆகியிருக்காது.

விஷயம் இதுதான். ராமேஸ்வரம் போகிற வழியில் மண்டபம் பக்கம் எங்கள் ஊரில் அம்மாவும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து கடலில் மூங்கில் மிதவை கட்டி கப்பாபைகஸ் என்கிற கடற்பாசி வளர்க்கிறார்கள். ஒரு மிதவையில் 60 கிலோ விதைப்பாசி கட்டினால் 45 நாளில் அறுவடை. வழக்கமாக எடுக்கும் வியாபாரி விலையைக் குறைத்துக்கொண்டே வந்தார். நேராகக் கம்பெனிக்கே விற்றால் என்ன என்று என்னை மெயில் எழுதச் சொன்னார்கள். பி.காம் படித்தவள் வீட்டில் நான் ஒருத்திதான்.

அடி வாங்கிய பிறகு மதினிக்கு போன் போட்டேன். மதுரையில் ஒரு கம்பெனியில் பர்ச்சேஸில் இருக்கிறார், இந்த மாதிரி மெயில்கள் தினமும் அவருக்கு வந்து விழும். "டிக் போட்டது இருக்கட்டும், எந்த வரியைப் பார்த்துப் போட்ட? அந்த வரிக்கு அடியில கோடு போட்டு அனுப்பு, கோடு போட முடியலன்னா அது ஃபெயில்" என்றார். பிரிண்ட் எடுத்துப் பேனாவோடு உட்கார்ந்தேன். தொனிக்கு மட்டும்தான் கோடு போட முடிந்தது, அதுவும் தப்பான கோடு என்பது பிறகு தெரிந்தது.

தெளிவைச் சோதிக்க மதினி சொன்ன வழி: விஷயம் தெரியாத ஒருவரிடம் போனைக் கொடுத்து ஒரே தடவை படிக்க விட்டு, போனை வாங்கிக்கொண்டு, யார் எழுதியது, என்ன பொருள், உங்களிடம் என்ன கேட்கிறார்கள் என்று மூன்றையும் கேட்க வேண்டும். பிரிண்ட் எடுத்த பிரவுசிங் சென்டர் அண்ணனிடமே கொடுத்தேன். படித்துவிட்டு, "மகளிர் குழுவுக்கு ஏதோ லோன் கேக்குறீங்க போலம்மா" என்றார். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ஆனால் அவர் மேல் தப்பில்லை. முதல் பத்தி முழுக்க மீன்பாடு குறைந்தது, புயல் எச்சரிக்கை, பிள்ளைகள் படிப்பு என்று எங்கள் கஷ்டம்தான் இருந்தது. பாசி வந்ததே மூன்றாவது பத்தியில். அதிலும் "பெப்சி பாசி" என்று எழுதி வைத்திருந்தேன். இந்தக் கரையில் எல்லோருக்கும் அது பெப்சி பாசிதான், 2000-ஐ ஒட்டிய வருடங்களில் பெப்சி கம்பெனி இங்கே வளர்க்க வைத்ததால் வந்த பெயர். அதை வெளியூர்க்காரர் படித்தால் என்ன நினைப்பார்? காய்ந்ததா பச்சையா, வளர்த்ததா கடலில் பறித்ததா, மாதம் எவ்வளவு என்று ஒன்றுமே இல்லை.

பொருத்தம்தான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் ஜெல்லியை உறைய வைக்கிற அகருக்குப் போகும், நம்முடையது ஐஸ்கிரீம் மாதிரிப் பண்டங்களில் கெட்டியாவதற்குச் சேர்க்கிற கேரஜீனனுக்குப் போகும். இது அம்மாவுக்கே தெரியும். நான்தான் "கடற்பாசி கம்பெனி" என்று தேடி வந்த முகவரிகளையெல்லாம் ஒரே மெயிலில் போட்டு, போதாக்குறைக்கு எல்லா முகவரியும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி அனுப்பிவிட்டேன். மதினி சொன்ன சோதனை எளிது. கம்பெனி பெயரை மாற்றி இன்னொரு பெயரைப் போட்டுப் பார், மெயில் அப்படியே பொருந்தினால் அது யாருக்குமே எழுதப்படாத மெயில். சரி என்று 14 பேரின் வெப்சைட்டையும் உட்கார்ந்து படித்தேன், ஒரு ஞாயிறு முழுக்கப் போனது. கேரஜீனன் எடுப்பவர்கள் 3 பேர். 2 பேர் பச்சைப் பாசியைப் பிழிந்து பயிருக்குத் தெளிக்கும் சாறு தயாரிப்பவர்கள், அவர்களுக்கு அறுத்த கையோடு பாசி வேண்டும், நாங்கள் காய வைத்ததைக் கொடுத்து என்ன பயன்? மீதி 9 பேருக்கு எழுதியே இருக்கக் கூடாது.

தொனியைக் கண்டுபிடித்தது அம்மா. நான் சத்தமாக வாசித்தேன். "ஏழைப் பெண்களாகிய எங்களுக்குத் தயவுகூர்ந்து வாழ்வளிக்குமாறு" என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். "நாங்க என்ன பிச்சையா கேக்குறோம்? சரக்கு குடுத்துக் காசு வாங்குறோம்." நான் பணிவு என்று நினைத்துக் கோடு போட்டு வைத்திருந்த வரி அது. ரோஷம் வந்து அடுத்த டிராஃப்டில் "இந்தியாவிலேயே முதல்தரமான" என்று எழுதினேன், மதினி அதையும் அடித்தார். அப்படி எழுதி வருகிற சரக்கைத்தான் அவர்கள் ஆபீஸில் முதலில் உதறிப் பார்ப்பார்களாம், மணல் எவ்வளவு கொட்டுகிறது என்று.

கோரிக்கையில் ஒன்றுக்கு நாலு இருந்தது. பாசி வாங்க வேண்டும், வந்து பார்க்க வேண்டும், கயிறு வாங்க முன்பணம் வேண்டும், பயிற்சி வேண்டும். கடைசியில் "தங்கள் மேலான பதிலை எதிர்பார்க்கிறோம்." நாலு கேட்டால் எதற்கு முதலில் பதில் சொல்வது என்றே தெரியாமல் மூடி வைத்துவிடுவார்கள் என்றார் மதினி. படிப்பவர் ஒரே வரியில், வேறு யாரையும் கேட்காமல், பதில் எழுத முடிகிற மாதிரி ஒன்றே ஒன்று கேட்கச் சொன்னார்.

மூன்றாவது டிராஃப்டில் தேறியது. ஆங்கிலத்தில் எழுதியதுதான், விஷயம் இது:

"காய்ந்த கப்பாபைகஸ், மாதம் ஒன்றரை டன், மண்டபம். மிதவையில் வளர்த்தது, அறுத்த பின் வலை விரித்து வெயிலில் 2 நாள் காய வைத்தது. நீங்கள் கேரஜீனன் தயாரிப்பதாக வெப்சைட்டில் பார்த்தோம். ஒரு கிலோ மாதிரி எங்கள் செலவில் அனுப்புகிறோம். யார் பெயருக்கு, எந்த முகவரிக்கு அனுப்பலாம்?"

கீழே அம்மா பெயர், போன் நம்பர். சப்ஜெக்டில் "வணிக வாய்ப்பு தொடர்பாக" என்று இருந்ததை எடுத்துவிட்டு முதல் வரியையே போட்டேன். சாறு யூனிட்டுகளுக்குத் தனியாக, பச்சைப் பாசி என்று மாற்றி எழுத வேண்டும். அதற்கு வண்டி ஏற்பாடு முடிவாகாததால் அனுப்பவில்லை.

ஒரு இடத்தில் நாங்களே வழுக்கப் பார்த்தோம். ஈரப்பதம் எத்தனை சதவீதம் என்று போட்டால் நன்றாயிருக்கும் என்றார் மதினி. எங்களிடம் மீட்டர் கிடையாது. "30 என்று போட்டுடலாமா" என்று கேட்டேன். போட்டிருந்தால் தெளிவில் இன்னொரு டிக் விழுந்திருக்கும், செக்லிஸ்ட் அதைப் பிடிக்காது. லாரி போய் நின்ற பிறகு எடையில் கழிப்பார்கள், அங்கே போய் நாங்கள் என்ன பேச முடியும்? அதனால்தான் "வெயிலில் 2 நாள்" என்று நடந்ததை மட்டும் எழுதினேன். விலையும் போடவில்லை, மாதிரியைப் பார்க்காமல் சொல்லும் விலை பேரத்தில் நமக்கு எதிராகத்தான் திரும்பும் என்பது மதினியின் கணக்கு.

மூன்று பேருக்கும் தனித்தனியாக அனுப்பினேன். ஒருவர் ஆறாம் நாள் முகவரி அனுப்பினார், ஈரப்பதத்தைத் தாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று ஒரு வரியும் சேர்த்திருந்தார். மற்ற இரண்டு பேரிடமிருந்து இதுவரை ஒன்றுமில்லை. மாதிரி அனுப்புகிற அன்றைக்கு மேகமூட்டம். காய்ந்த பாசி காற்றிலிருக்கிற ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும் என்று அம்மா பிளாஸ்டிக் கவரை இரண்டாகப் போட்டு, வாயை மெழுகுவர்த்தியில் ஒட்டிக் கொடுத்தார்.

கூரியர் ரசீதை ஜெராக்ஸ் எடுக்கப் போனேன். பிரவுசிங் சென்டர் அண்ணன் விடவில்லை: "லோன் சாங்ஷன் ஆயிருச்சாம்மா?"