இருநூறு டாஸ்க்கில் நூறு மட்டும் ஏன் நகர்ந்தன?

எங்கள் குழுவின் டாஸ்க் டிராக்கரில் முடிந்த வேலைகள் 200 குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து ஆர்க்கைவ் செய்ய யாருக்கும் பொறுமையில்லை. ஏபிஐ இருக்கிறதே, ஸ்கிரிப்ட் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஏபிஐ ஒரு தடவைக்கு 50 டாஸ்க் கொடுக்கும். மீதிக்கு `offset` அனுப்பிக் கேட்க வேண்டும்.

```
offset = 0
while True:
    tasks = fetch(status="done", limit=50, offset=offset)
    if not tasks:
        break
    for t in tasks:
        archive(t["id"])
    offset += 50
```

பிழை எதுவும் வராமல் ஓடி முடிந்தது. ஆனால் 100 டாஸ்க்தான் நகர்ந்திருந்தன. மறுபடி ஓட்டினேன், 50 போயின. மூன்றாவது தடவை மீதி 50-உம் போய்விட்டன. பட்டியல் காலி. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் 100, 50, 50 என்ற அந்தக் கணக்கு மனதை உறுத்தியது. நெட்வொர்க் கோளாறு என்றால் இவ்வளவு ஒழுங்காகப் பாதி பாதியாக வராது.

ஒரு தாளில் எழுதிப் பார்த்ததும் புரிந்தது. முதல் பக்கத்தில் 1 முதல் 50 வரை வந்தன. அவற்றை ஆர்க்கைவ் செய்ததும் அவை `done` பட்டியலிலிருந்தே வெளியேறிவிட்டன. பழைய 51-ஆவது டாஸ்க் இப்போது முதல் இடத்தில் நிற்கிறது. நான் `offset=50` என்று கேட்டதும் சர்வர் புதிய பட்டியலின் முதல் ஐம்பதை, அதாவது பழைய 51 முதல் 100 வரை உள்ளவற்றைத் தாண்டிவிட்டு, 101 முதல் 150 வரை கொடுத்தது. அவையும் ஆர்க்கைவுக்குப் போனபின் பட்டியலில் மிச்சம் 100. அடுத்து `offset=100`. அதற்கு அப்பால் ஒன்றுமே இல்லை, நிறுத்திவிட்டது.

`offset` என்பதற்கு "விட்ட இடத்திலிருந்து தொடர்" என்று பொருள் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். அது அப்படியில்லை. "இந்த நொடியில் உள்ள பட்டியலில் முதல் இத்தனையை விட்டுவிடு" என்பதுதான் அது. சர்வருக்கு என் முந்தைய பக்கம் நினைவிலேயே இல்லை.

எப்போதும் `offset=0` என்றே கேட்டால் என்ன என்று அடுத்து தோன்றியது. பட்டியல் தானாகச் சுருங்குவதால் ஓரளவு வேலை செய்யும். ஆனால் அனுமதி இல்லாத காரணத்தால் சில டாஸ்க் ஆர்க்கைவ் ஆகாமல் போனால் அவை முன்வரிசையிலேயே நிற்கும். அப்படி 50 சேர்ந்துவிட்டால் ஸ்கிரிப்ட் அந்தப் பக்கத்தையே முடிவில்லாமல் சுற்றும். அதனால் வேலையை இரண்டாகப் பிரித்தேன்: முதலில் எல்லாப் பக்கங்களையும் படித்து ஐடிகளை மட்டும் சேர்ப்பது, அப்புறம் அந்த ஐடிகளை வைத்து ஆர்க்கைவ் செய்வது. படிக்கும்போது எதையும் மாற்றக்கூடாது.

இது என் ஸ்கிரிப்ட் செய்த மாற்றத்தைச் சரிசெய்தது. மற்றவர்கள் செய்யும் மாற்றத்தை இது தடுக்காது. வாரந்தோறும் எல்லா டாஸ்க்கையும் இறக்கி அறிக்கை தயாரிக்கும் இன்னொரு ஸ்கிரிப்ட் இருந்தது. அது எதையும் தொடாது, படிக்க மட்டும் செய்யும். அதிலும் சில வாரம் ஒரே டாஸ்க் இரண்டு தடவை வந்தது. ஏபிஐ புதியதை முதலில் தருகிறது. நான் முதல் பக்கத்தைப் படித்து, இரண்டாவதைக் கேட்பதற்குள் யாரோ 3 டாஸ்க் சேர்த்துவிட்டால், முதல் பக்கத்தின் கடைசி மூன்றும் இரண்டாவது பக்கத்துக்குத் தள்ளப்பட்டு மறுபடி வருகின்றன. பார்த்த ஐடிகளை ஒரு `set`-இல் வைத்திருந்தால் இதை வடிகட்டிவிடலாம். எனக்குப் பயம் தந்தது இதன் மறுபக்கம். நான் ஏற்கெனவே படித்த பகுதியிலிருந்து யாராவது 3 டாஸ்க்கை நீக்கினால், இரண்டாவது பக்கத்தில் வர வேண்டிய மூன்று முதல் பக்கத்துக்குள் ஏறிவிடும். அவற்றை நான் பார்க்கவே மாட்டேன். இரட்டிப்பு கண்ணில் படும், விடுபட்டது எந்தத் தடயமும் விடாது.

அந்த ஏபிஐயில் `after_id` என்ற அளவுருவும் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். ஐடி ஏறுவரிசையில் அடுக்கி, "இந்த ஐடிக்குப் பிறகு வரும் 50" என்று கேட்கலாம். நடுவில் எது சேர்ந்தாலும் நீங்கினாலும், நான் நிற்கும் இடம் எண்ணிக்கையை நம்பி இல்லை. ஐடி மாறுவதில்லை, புதிய டாஸ்க் வரிசையின் கடைசியில்தான் சேரும். அறிக்கை ஸ்கிரிப்ட்டை இதற்கு மாற்றினேன்.

இதே முறையை நேரத்தை வைத்துச் செய்தால் ஒரு குழி இருக்கிறது, அதிலும் நான் விழுந்தேன். கடைசி ஓட்டத்துக்குப் பிறகு மாறியவற்றை மட்டும் எடுக்க, `updated_at` ஏறுவரிசையில் அடுக்கி, "கடைசியாகப் பார்த்த நேரத்துக்குப் பிறகு" என்று கேட்டேன். ஒருநாள் ஒருவர் 120 டாஸ்க்கை ஒரே மூச்சில் வேறு புராஜெக்ட்டுக்கு மாற்றினார். அத்தனைக்கும் `updated_at` ஒரே நொடி. முதல் பக்கத்தில் 50 வந்தன. அடுத்து `>` என்று கேட்டதால் அதே நொடியில் உள்ள மீதி 70-ஐயும் தாண்டிவிட்டேன். `>=` என்று மாற்றினால் அதே 50 திரும்பத் திரும்ப வரும், ஸ்கிரிப்ட் நகராது. பக்கத்தின் முதல் டாஸ்க்குக்கும் கடைசி டாஸ்க்குக்கும் ஒரே நேரம் இருந்தால் இந்தச் சிக்கலில் மாட்டியிருக்கிறோம் என்று அறியலாம்.

நேரத்தோடு ஐடியையும் சேர்த்து ஒப்பிட வேண்டும். ஏபிஐ எங்கள் குழுவே எழுதியது என்பதால் சர்வர் பக்கம் இப்படி மாற்ற முடிந்தது:

```
WHERE (updated_at, id) > (:last_time, :last_id)
ORDER BY updated_at, id
LIMIT 50
```

நேரம் ஒன்றாக இருந்தால் ஐடி முடிவு செய்யும். ஓடிக்கொண்டிருக்கும்போதே யாராவது ஒரு டாஸ்க்கைத் திருத்தினால் அது வரிசையில் பின்னால் போகும், அதனால் மறுபடி ஒரு தடவை வரும். அது பரவாயில்லை, புதிய வடிவத்தைப் பழையதன் மேல் எழுதிக்கொள்கிறேன். இறங்குவரிசையில் அடுக்கியிருந்தால் அது நான் தாண்டிவந்த பகுதிக்குப் போய்த் தொலைந்திருக்கும்.

வெளியார் ஏபிஐ என்றால் சர்வர் பக்கம் நம் கையில் இல்லை. அங்கே அடுத்த பக்கம் எங்கே தொடங்கும் என்பதற்கான அடையாளமாக `next_cursor` போல ஏதாவது கொடுத்தால், அதற்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் அப்படியே திருப்பி அனுப்புவதுதான் நல்லது. நிறுத்துவதற்கும் அதையே நம்ப வேண்டும். "கேட்டதைவிடக் குறைவாக வந்தால் முடிந்தது" என்று எழுதியிருந்த என் பழைய நிபந்தனை, `limit=500` என்று கேட்டு, சர்வர் சத்தமில்லாமல் 100-க்குக் குறைத்துக் கொடுத்தபோது முதல் பக்கத்தோடு நின்றுபோனது.

இப்போது எந்தப் புதிய ஏபிஐ வந்தாலும் முதலில் சின்னதாக ஒரு சோதனை செய்கிறேன். 7 டாஸ்க் உருவாக்கி, பக்கத்துக்கு 3 என்று வைக்கிறேன். முதல் பக்கம் 1, 2, 3 வந்ததும் கையாலேயே 1-ஐ நீக்கிவிட்டு அடுத்த பக்கத்தைக் கேட்கிறேன். 4, 5, 6 வந்தால் அந்த முறையை எடுத்துக்கொள்கிறேன். 5, 6, 7 வந்தால் உள்ளே எண்ணித்தான் தாண்டுகிறார்கள் என்று தெரிந்துவிடும்.